இரண்டு காலிலும் சிவந்த, தொட்டால் வலிக்கும் கட்டிகள்: எரித்திமா நோடோசமா, அடுத்து என்ன சோதனை?

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பை ஒட்டி, இரண்டு காலிலும் சிவப்பாகக் கட்டிகள். முதலில் ஏதோ பூச்சிக்கடி என்றுதான் தோன்றும், இல்லையென்றால் எங்கேயோ இடித்துக்கொண்டோம் என்று விட்டுவிடுவோம். போர்வை பட்டாலே வலிக்கிறது, காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியவில்லை என்ற நிலை வந்த பிறகுதான் பலரும் மருத்துவரிடம் போகிறார்கள். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் பெண்களிடம் இப்படி வந்தால் முதலில் நினைக்கவேண்டிய பெயர் எரித்திமா நோடோசம். ஆண்களுக்கும் வரும், ஆனால் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம்.

ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கிருமி கட்டிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. உடம்பில் வேறு எங்கோ நடக்கும் ஒன்றுக்கு, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்கு காட்டும் எதிர்வினை இது. கொழுப்பைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கும் மெல்லிய தடுப்புகளில் அழற்சி ஏற்படுகிறது, அதுதான் வெளியே கட்டியாகத் தெரிகிறது. கட்டிகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். ஆகவே நம் வேலை கட்டியைத் துரத்துவது இல்லை, அதைத் தூண்டிவிட்டது எது என்று தேடுவது.

முதல் படி: கட்டியை நன்றாகப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டிகள் பெரும்பாலும் 1 முதல் 5 செ.மீ. அகலம் இருக்கும், ஓரம் தெளிவாகத் தெரியாது, பார்ப்பதைவிடத் தடவும்போதுதான் கட்டி என்று நன்றாகத் தெரியும். தொட்டால் சூடு, அழுத்தினால் வலி. மாநிறமும் கருநிறமும் உள்ள தோலில் பளிச்சென்ற சிவப்பு தெரியாமல் போகலாம், கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் இருக்கும். அங்கே கண்ணைவிட விரலை நம்புங்கள்.

அடுத்த சில நாட்களில் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். சிவப்பு ஊதாவாகி, அப்புறம் பச்சையும் மஞ்சளுமாக, ரத்தம் கட்டிய காயம் ஆறுவது போலவே மாறும். புண்ணாக உடையாது, சீழ் பிடிக்காது, தழும்பும் விடாது. இந்த மூன்றும்தான் கண்டுபிடிப்பதில் பெரிய உதவி. கட்டி உடைந்து நீர் வடிந்தாலோ, முன்பக்கம் விட்டுப் பின்பக்கக் கெண்டைச்சதையில் மட்டுமே வந்தாலோ, ஒரு காலில் மட்டும் பரவலாகச் சிவந்து வீங்கினாலோ அது வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கெண்டைச்சதையில் வந்து உடையும் கட்டிகளுக்குப் பின்னால் காசநோய் இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் தோல் தொற்றையோ, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பதையோ அன்றைக்கே பார்த்தாக வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாம் படி: கடந்த சில வாரங்களை நினைவுபடுத்துங்கள்

மருத்துவரிடம் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கட்டி வருவதற்கு 2, 3 வாரத்துக்கு முன் தொண்டை வலியோ காய்ச்சலோ இருந்ததா? கண்டுபிடிக்க முடிகிற காரணங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று முன்வரிசையில் இருக்கிறது, ஆனால் கட்டி வரும் நேரத்தில் தொண்டை சரியாகிப்போயிருக்கும் என்பதால் பலர் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், அடிக்கடி வரும் வயிற்றுவலி? குடல் தொற்றும், கிரோன் போன்ற நாள்பட்ட குடல் அழற்சியும் இந்தக் கட்டிகளைக் கொண்டுவரும். நாள்பட்ட இருமல், இரவு வியர்வை, எடை குறைவு, வீட்டில் யாருக்காவது காசநோய்? வாயில் திரும்பத் திரும்பப் புண்?

மருந்துப் பட்டியலில் கருத்தடை மாத்திரையைச் சேர்க்க மறக்காதீர்கள். "மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் பல பெண்கள் இல்லை என்றே சொல்வார்கள், அதை மருந்தாக நினைப்பதே இல்லை. எப்போது தொடங்கினீர்கள் என்ற தேதியும் வேண்டும். சல்ஃபா மருந்துகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் காரணமாகலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு: தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவருக்குக் கட்டி வந்தால், தூண்டியது தொற்றா மருந்தா என்று பிரிப்பது எளிதல்ல. இரண்டின் தேதியும் கையில் இருந்தால்தான் யோசிக்கவே முடியும். கர்ப்பமும் ஒரு காரணம், ஆகவே மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: எல்லோருக்கும் செய்யும் சோதனைகள்

இவை அதிகம் இல்லை. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மற்றும் சி.ஆர்.பி., தொண்டைத் தொற்றுக்கான ஏ.எஸ்.ஓ. (தொண்டையில் இன்னும் அறிகுறி இருந்தால் பஞ்சால் தடவி எடுக்கும் சோதனையும்), காசநோய்க்கு மான்டூ அல்லது அதற்கான ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே சிறுநீர்ச் சோதனை. மற்றவை எல்லாம், எழுதிக்கொண்டுபோன தாள் எந்தப் பக்கம் கைகாட்டுகிறதோ அதைப் பொறுத்து: வயிற்றுப்போக்கு இருந்தால் மலப் பரிசோதனை, அது நாள்பட்டது என்றால் குடல் அழற்சிக்கான சோதனை. தொடக்கத்திலேயே நாற்பது சோதனைகள் எழுதி வாங்குவதில் பலன் இல்லை.

ஈ.எஸ்.ஆர். அதிகமாக வந்ததும் பயந்துவிடாதீர்கள். இந்த நோயில் அது நிறையவே ஏறும். அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எதனால் என்று சொல்லாது.

மான்டூவில் கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் பார்ப்பார்கள். அளக்கவேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல. விரலால் தடவித் தடிப்பின் ஓரத்தைக் கண்டுபிடித்து அளந்தார்களா என்று பாருங்கள், பெரிதாகச் சிவந்திருந்தும் தடிப்பே இல்லாமல் இருக்கலாம். பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருந்தால் மான்டூ பாசிட்டிவாக வர அதுவே காரணமாகலாம், ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் வராது. ஆனால் இரண்டுமே கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்றுதான் சொல்லும், இப்போது நோயாக இருக்கிறதா என்று சொல்லாது.

ஓர் உதாரணம்: எண்கள் எப்படி ஏமாற்றும்

எப்படி யோசிப்பது என்று காட்ட ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 26 வயதுப் பெண். பத்து நாளாக இரண்டு காலிலும் கட்டிகள், லேசான காய்ச்சல், காலையில் எழுந்தால் இரண்டு கணுக்காலும் வீங்கி நடக்கச் சிரமம். இருமல் இல்லை. தொண்டை வலி வந்ததாக நினைவில்லை. மாத்திரை எதுவும் இல்லை, கர்ப்பமும் இல்லை. ஈ.எஸ்.ஆர். 70. ஏ.எஸ்.ஓ. 320, ஆய்வகம் போட்டிருக்கும் எல்லை 200.

இந்த இடத்தில்தான் பல பேர் நின்றுவிடுகிறார்கள். "ஏ.எஸ்.ஓ. அதிகம், காரணம் கிடைத்துவிட்டது" என்று ஆன்டிபயாடிக் தொடங்கிவிடுவார்கள். அது தவறு. எப்போதோ வந்துபோன தொண்டைத் தொற்றுக்குப் பிறகு ஏ.எஸ்.ஓ. மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கலாம். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, 2 முதல் 4 வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால் தெரியும் ஏற்ற இறக்கத்துக்குத்தான் மதிப்பு. இவருக்கு மூன்று வாரம் கழித்து 310 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அசையவே இல்லை. புதிய தொற்று என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது ரத்தம் எடுக்கும்வரை யாரும் சும்மா காத்திருக்கவில்லை, முதல் வாரத்திலேயே மார்பு எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. அதில் நுரையீரலின் வேர்ப்பகுதியில், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிணநீர்க் கட்டிகள் பெருத்திருந்தன. மான்டூவில் தடிப்பே இல்லை. காலில் கட்டி, கணுக்கால் வீக்கம், காய்ச்சல், மார்பில் இரண்டு பக்கமும் நெறி: இவை சேர்ந்து வந்தால் அது, உடம்பின் உறுப்புகளில் சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் உண்டாகும் சார்காய்டோசிஸ் நோய் திடீரென்று தொடங்கும் ஒரு வடிவம். சுவீடன் மருத்துவர் ஸ்வென் லோஃப்கிரென் 1940களில் விவரித்ததால் அவர் பெயராலேயே லோஃப்கிரென் சிண்ட்ரோம் என்கிறார்கள். இருமலே இல்லாத ஒருவரிடம் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது, இந்தக் கட்டிகள் வந்த எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

காசநோயிலும் இதே இடத்தில் நெறி கட்டும், ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும், அல்லது ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள். மான்டூ நெகட்டிவ் என்பதும் காசநோய் இல்லை என்பதற்கு முழு உறுதி ஆகாது. சந்தேகம் துளி இருந்தாலும் சி.டி. ஸ்கேன், சளிப் பரிசோதனை, தேவைப்பட்டால் அந்த நெறியிலிருந்தே திசு எடுத்துப் பார்ப்பது என்று போக வேண்டும். சார்காய்டோசிஸ் என்று தெளிவானால் கண் பரிசோதனை, ரத்தத்தில் கால்சியம், இ.சி.ஜி. மூன்றும் அவசியம், ஏனென்றால் அது கண்ணையும் இதயத்தையும் தொடக்கூடியது. மற்றபடி இந்த வடிவம் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சில மாதம் கழித்து எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

வலிக்கு என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது

காலை உயர்த்தி வைத்து ஓய்வு, தாங்க முடிந்தால் இறுக்கமான காலுறை, மருத்துவர் சொல்லும் அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரை. குடல் அழற்சி சந்தேகம் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென் போன்றவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை கட்டிகளை வேகமாக அடக்கும் என்பது உண்மைதான், ஆனால் காசநோயும் மற்ற தொற்றுகளும் இல்லை என்று உறுதியாகும் முன் அதைத் தொடங்கினால், காலில் கட்டி மறைந்துபோகும், உள்ளே தொற்று பரவும்.

எல்லாச் சோதனையும் செய்தும் பாதிப் பேருக்கு அருகில் காரணம் கிடைக்காது. கட்டிகளும் அடங்கிவிட்டால் அதற்காக மேலும் மேலும் சோதிக்க வேண்டியதில்லை. 8 வாரம் தாண்டியும் புதிதாக வந்துகொண்டே இருந்தால், அல்லது கட்டி உடைந்தால், அப்போது தோல் பயாப்சி. அதை ஆழமாக, கொழுப்பு அடுக்கும் வரும்படி கத்தியால் கீறி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேலாக எடுத்த சின்னத் துண்டில் நோய் இருக்கும் அடுக்கே இருக்காது, அறிக்கையும் "குறிப்பாக எதுவும் இல்லை" என்றுதான் வரும்.