கரகாட்டத்திலிருந்து வீணைக்கு: இணைப்புரை எழுத ஒரு வழி

மேடையில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே பேசும் இணைப்புரையை ‘அடுத்ததாக’ என்று தொடங்கினாலே அறிவிப்புப் பலகை படிப்பதுபோல ஆகிவிடும். முடிந்த நிகழ்ச்சியில் கண்ணில் நின்ற ஒரு பொருளைப் பிடியுங்கள். அதையே அடுத்ததற்குப் பாலமாக்குங்கள்.

பொங்கல் விழாவில் கரகாட்டம் முடிந்து வீணை வருகிறது என்று வையுங்கள். வீணையின் பெரிய உருண்டைப் பகுதிக்கும் குடம் என்றுதான் பெயர். அது போதுமே!

“இதுவரை தலைமேல் ஆடிய குடத்தைப் பார்த்தோம். இனி, தரையில் அமர்ந்து பாடும் குடம். பலா மரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணையோடு வருகிறார்...”

கலைஞரின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். பெயரைக் கேட்டதும் கைதட்டுவார்கள். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதி வரிகள் அந்தச் சத்தத்தில் போய்விடும். அதேபோல, கரகாட்டத்துக்கான கைதட்டல் அடங்கும் முன் வாயைத் திறக்காதீர்கள்.

அப்புறம், வீணைக்கு மைக் வைத்துச் சுருதி சேர்க்க நேரமாகும். ஏழு தந்திகளில் நான்கு மெட்டுக்கு, மூன்று தாளத்துக்கு என்பதுபோல இரண்டு மூன்று தனி வரிகளைக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொன்றும் தனியே முடிய வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து ‘தயார்’ என்று தலையசைத்தால், அந்த வரியோடு நிறுத்திப் பெயருக்குத் தாவிவிடலாம்.