பிள்ளைகளுக்குப் பாதுகாவலரை மரணசாசனத்தில் எழுதுவது எப்படி (நான் இரண்டு தடவை எழுதினேன்)

என் கணவர் இறந்து மூன்று வருசம். மகளுக்கு 9, மகனுக்கு 5. போன வருசம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்திருந்தபோதுதான் எனக்கும் ஏதாவது ஆகிவிட்டால் இவர்கள் யாரோடு இருப்பார்கள் என்று யோசித்தேன். பண்டாரவளையில் இருக்கும் என் அக்காவோடு என்பது எனக்குத் தெரியும். மாமியார் அப்படி நினைக்க மாட்டார் என்பதும் தெரியும். அதனால் எழுதி வைத்தேன். முதல் தடவை எழுதியது வெறும் காகிதம் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் எந்தச் சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தேடினால் வருவதெல்லாம் இந்தியச் சட்டம், அது இலங்கையில் இருக்கும் நமக்குப் பொருந்தாது. தேசவழமையும் யாழ்ப்பாணத் தமிழருக்கானது. மலையகத் தமிழருக்கு இந்த விசயத்தில் நாட்டின் பொதுச் சட்டம்தான், அதாவது ரோமன்-டச்சுச் சட்டமும் அதன் மேல் வந்த நம் கட்டளைச் சட்டங்களும். முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டம், அவர்கள் இந்தப் பதிவைப் பின்பற்ற வேண்டாம்.

படி 1: யார் என்று முடிவு செய்யுங்கள்

இதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், அவருக்கு முடியாமல் போனால் வேறு யார் என்றும் ஒருவரை யோசித்து வையுங்கள். அவ்வளவுதான்.

படி 2: பிள்ளையை வளர்ப்பவர் வேறு, சொத்தைப் பார்ப்பவர் வேறு

சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. என் அக்கா பிள்ளைகளை நன்றாக வளர்ப்பார், ஆனால் வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும் ஆள். அதனால் பிள்ளைகளுக்கு அக்கா, ஹட்டனில் இருக்கும் சின்ன வீட்டுக்கும் வைப்புப் பணத்துக்கும் தம்பி என்று பிரித்துவிட்டேன். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளையின் பேரில் உள்ள காணி, வீட்டை விற்பதென்றால் எப்படியும் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

படி 3: வாசகம்

"என் சகோதரி பார்த்துக்கொள்வார்" என்று எழுதினால் எந்தச் சகோதரி என்ற கேள்வி வரும். நான் எழுதியது இது:

"எனது மரணத்தின்போது எனது பிள்ளைகளில் எவரேனும் 18 வயதை அடையாதிருந்தால், எனது சகோதரி (முழுப்பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி) என்பவரை அவர்களது பாதுகாவலராக நியமிக்கின்றேன். அவர் எனக்கு முன் இறந்திருந்தாலோ, பொறுப்பை ஏற்க மறுத்தாலோ, (இரண்டாவது ஆளின் விபரம்) என்பவரை நியமிக்கின்றேன்."

பெயர்களைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். தோட்டத்தில் பிறந்த நம்மில் பலருக்குச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொன்று. வித்தியாசம் இருந்தால் இரண்டையும் போட்டு இருவரும் ஒருவரே என்று எழுதிவிடுங்கள். என் அக்காவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கடைசி நிமிடத்தில்தான் கண்டுபிடித்தோம்.

படி 4: கையெழுத்து (நான் விழுந்த இடம்)

முதல் தடவை ஒரு இந்திய வழக்கறிஞரின் வீடியோவைப் பார்த்து எழுதினேன். இரண்டு சாட்சி போதும் என்றார். தோட்டத்துக் கிளாக்கர் ஐயாவையும் பக்கத்து வீட்டு டீச்சரையும் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அழகாக லேமினேட்டும் செய்து அலுமாரியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு சட்டத்தரணியிடம் போனபோது அதையும் காட்டினேன். அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். "நொத்தாரிசு எங்கே?" "இல்லை மேடம்." "அப்படியானால் மற்ற மூன்று சாட்சி எங்கே?"

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நமக்கு இரண்டு வழிதான். ஒன்று, பிரசித்த நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க, பத்திரத்தின் முடிவில் கையெழுத்து வைப்பது. இல்லையென்றால், நொத்தாரிசு இல்லாமல் குறைந்தது ஐந்து சாட்சிகள், அவர்களும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு பேர், நாளைக்கு மூன்று பேர் என்று வீடு வீடாகப் போய் வாங்கினால் செல்லாது.

நொத்தாரிசிடமே போங்கள் என்பேன். ஐந்து பேரில் இருவர் வெளிநாடு போய்விட்டால் பிறகு யாரைத் தேடுவது? தமிழில் எழுதும் நொத்தாரிசாகப் பாருங்கள், இந்தப் பக்கம் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் பத்திரத்தில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிக்கும் கையெழுத்து வைக்க எனக்கு மனமில்லை. அப்புறம், லேமினேட் செய்யாதீர்கள்.

படி 5: நீதிமன்றம் என்ன செய்யும்

எழுதிவிட்டால் அப்படியே நடந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லை. நீங்கள் இறந்த பிறகு மரணசாசனத்தை வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும், பெயர் குறிக்கப்பட்டவர் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். எல்லாச் சிறுவர்களுக்கும் மேலான பாதுகாவலர் நீதிமன்றம்தான் என்பது ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் பிள்ளையின் நலனே முதன்மை என்று நீதிமன்றத்துக்குச் சொல்கிறது. சொத்து விசயத்தில் நீங்கள் எழுதிய பெயருக்குப் பலம் அதிகம். பிள்ளை யாரோடு வாழ்வது என்பதில் உங்கள் விருப்பத்தை நீதிபதி மதிப்பார், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். தாய் கொழும்பில் வேலை செய்யும் தன் அண்ணனின் பெயரை எழுதியிருந்தார். பிறகு நோயில் படுத்தார், அந்த நான்கு வருசமும் பிள்ளை பாட்டியோடுதான் இருந்தது, ஆனால் பத்திரத்தை யாரும் மாற்றவில்லை. தாய் இறந்ததும் வழக்கு. நன்னடத்தை உத்தியோகத்தர் வந்து வீட்டைப் பார்த்தார், நீதிபதி பிள்ளையிடம் தனியாகப் பேசினார். கடைசியில் பிள்ளை பாட்டியிடம், பணம் மாமனின் பொறுப்பில் என்று முடிந்தது. மாமன் கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. பத்திரத்தில் இருந்தது நான்கு வருசத்துக்கு முந்திய நிலைமை, அவ்வளவுதான்.

அதனால் நான் ஒரு தனிக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். ஏன் அக்கா, விடுமுறைக்கெல்லாம் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள், அருகில் எந்தப் பாடசாலை, இருவரையும் பிரிக்க வேண்டாம், மாமியார் மாதம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றெல்லாம். இது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வெறும் பெயருக்குப் பதிலாகக் காரணம் அவர் கையில் இருக்கும். மாமியாரைக் குறை சொல்லி ஒரு வரி எழுதியிருந்தேன், சட்டத்தரணி சொன்னதும் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒருநாள் அதை வாசிப்பார்கள்.

பின்குறிப்பு 1: "கணவர் குடிக்கிறார், அவருக்குப் பதிலாக என் தங்கச்சியின் பெயரை எழுதலாமா" என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதலாம், ஆனால் உயிரோடு இருக்கும் தகப்பனை அந்த ஒரு வரி தள்ளிவிடாது. அவரிடம் இருப்பது பிள்ளைக்குக் கேடு என்று தங்கச்சி நீதிமன்றத்தில் ஆதாரத்தோடு காட்ட வேண்டிவரும். பொலிஸ் முறைப்பாடு, வைத்தியசாலைத் துண்டு எதுவானாலும் இப்போதே பத்திரப்படுத்தி வையுங்கள்.

பின்குறிப்பு 2: இது எனக்கே தெரியாதது, ஒரு வாசகி சொல்லித்தான் தெரிந்தது. நம் சட்டத்தில் மரணசாசனம் எழுதியவர் அதன் பிறகு திருமணம் செய்தால் அந்தச் சாசனம் முழுதும் ரத்தாகிவிடும், பாதுகாவலர் வரியும் சேர்த்து. விதவையாக இருந்தபோது எழுதிவிட்டு மறுமணம் செய்தவர்கள் மறுபடி நொத்தாரிசிடம் போய்ப் புதிதாக எழுத வேண்டும்.