ஒட்டுப்போட்ட கட்டுரைக்குக் கருத்துரை எழுதும்போது நேரும் தவறுகள்

மூலநூலின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அங்கங்கே சில சொற்களை மட்டும் மாற்றி மாணவர் எழுதிய கட்டுரையைத் திருத்தும்போது, விரிவுரையாளர் பெரும்பாலும் முதல் வரியிலேயே தவறிவிடுகிறார். "இது கருத்துத் திருட்டு" என்று தொடங்கும் குறிப்பைப் படிக்கும் மாணவர், அடுத்த வரியிலிருந்து தற்காப்பில்தான் இறங்குவார். இவ்வகை எழுத்தை 1990-களில் ஆராய்ந்த அமெரிக்க எழுத்துக்கல்வி அறிஞர் ரெபெக்கா மூர் ஹோவர்ட், புதிய துறையின் மொழி பிடிபடாத நிலையில் மாணவர்கள் அதைக் கற்க எடுக்கும் முயற்சியாகவே இதைக் கண்டார். மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டுத் தடுமாறும் மாணவரைப் பொறுத்தவரை அவருடைய இந்தப் பார்வை சரி என்றே நானும் கருதுகிறேன். முழுப் பக்கத்தையும் சொல் மாறாமல் எடுத்து, மூலத்தையும் மறைத்தவரின் நிலை வேறு.

"சொந்த நடையில் எழுதவும்" என்பது அடுத்த தவறு. சொற்களை மாற்றியதே சொந்த நடை என்று நம்பித்தானே அவர் அப்படி எழுதினார்? கட்டுரை பிற நூல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமைச் சதவீதத்தை மட்டும் குறித்தாலும் பயனில்லை. முறையாக மேற்கோள் குறியிட்ட வரிகளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேர்ந்திருக்கலாம்.

கட்டுரை முழுவதையும் சிவப்பாக்காமல், ஒரே ஒரு வாக்கியத்தை மூலத்தோடு அருகருகே வைத்துக் காட்டுங்கள். மூலத்தில், "மண்ணில் ஈரம் குறையும்போது தாவரங்கள் இலைத்துளைகளை மூடி நீரிழப்பைக் கட்டுப்படுத்துகின்றன, அதனால் ஒளிச்சேர்க்கையும் குறைகிறது" என்று இருக்கிறது. மாணவரோ, "நிலத்தில் ஈரம் குறைகையில் செடிகள் இலைத்துளைகளை அடைத்து நீரிழப்பைத் தடுக்கின்றன, அதனால் ஒளிச்சேர்க்கையும் குறைகிறது" என்று எழுதியிருக்கிறார். இதற்கு நான் எழுதும் கருத்துரை இப்படி அமையும்:

"இந்த நூலைத் தேர்ந்தது பொருத்தமே, அதைக் குறிப்பிட்டும் இருக்கிறீர்கள். ஆனால் வாக்கியத்தின் கட்டும் கருத்துகளின் வரிசையும் நூலாசிரியருடையவையாகவே நிற்கின்றன. 'கட்டுப்படுத்துகின்றன' என்பதைத் 'தடுக்கின்றன' என்று மாற்றியதில் பொருளும் பிசகிவிட்டது. துளைகள் மூடிய பின்னும் இலையின் மேற்பரப்பு வழியாகச் சிறிதளவு நீர் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். நூலை மூடி வைத்துவிட்டு, வறட்சியில் விளைச்சல் ஏன் குறைகிறது என்ற உங்கள் கட்டுரைக் கேள்விக்கு இந்தச் செய்தி எப்படி உதவுகிறது என்று இரண்டு வாக்கியங்களில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து பொருளைச் சரிபார்த்து, மூலத்தைக் குறிப்பிட்டு, இந்தப் பத்தியை மட்டும் திருத்தி அனுப்புங்கள்."

பொருள் பிசகிய இடத்தைச் சுட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். சொல்லுக்குச் சொல் மாற்றுவது ஏன் ஆபத்து என்பதை, விதியை நினைவூட்டுவதைவிட அந்த ஒரு சொல்லே மாணவருக்குத் தெளிவாக உணர்த்திவிடும்.

திருத்தி வந்த பத்தி, விளைச்சலிலிருந்து தொடங்கி ஒளிச்சேர்க்கை வழியாக இலைத்துளைக்கு வந்தால், மாணவர் செய்தியைத் தன் கேள்விக்கேற்ப வரிசைப்படுத்தியிருக்கிறார் என்று தெரியும். பழைய வரிசையிலேயே வேறு சொற்கள் உட்கார்ந்திருந்தால், அவருக்கு அந்த மூலமே புரியவில்லை என்று கொள்ளலாம். அப்போது இன்னொரு கருத்துரை எழுதாமல், அவரை அழைத்து அந்தப் பகுதியை வாய்மொழியாக விளக்கச் சொல்லிக் கேட்பதே பயன்படும்.