பூமிக்கு வெறும் 711 மைக்ரோஃபாரட்டா? தனித்த கோளத்தின் மின்தேக்குத்திறனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடிப் பக்கம் நான் எடுக்கும் மாலை வகுப்பில், சென்ற ஆண்டு ஒரு மாணவன் எழுதிய விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 1 செ.மீ ஆரமுள்ள உலோகக் குண்டின் மின்தேக்குத்திறனையும் பூமியின் மின்தேக்குத்திறனையும் கண்டுபிடித்து ஒப்பிடுக என்பது கேள்வி. பூமிக்கு 711 மைக்ரோஃபாரட் என்று சரியாகவே கணக்கிட்டவன், பிறகு அந்த ‘மைக்ரோ’வை மட்டும் அடித்துவிட்டு 711 ஃபாரட் என்று திருத்தியிருந்தான். ஏன் என்று கேட்டேன். “எங்க வீட்டு ஃபேன் கன்டென்சர்லயே 2.5 மைக்ரோஃபாரட்னு போட்டிருக்கு சார். உலகத்துக்கே அதுல முந்நூறு மடங்குகூட இல்லைன்னா எப்படி சார்?” என்றான்.

கேள்வி நியாயமானது, திருத்தம்தான் தவறு. இந்தப் பாடத்தில் செய்யப்படும் பிழைகளில் பெரும்பாலானவை, சூத்திரம் தெரியாமல் வருபவை அல்ல. வந்த விடையை நம்ப முடியாமல் வருபவை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆரம் R உள்ள தனித்த கடத்துக் கோளத்தில் Q என்ற மின்னூட்டம் இருந்தால், முடிவிலியை ஒப்பிட அதன் மின்னழுத்தம் V = Q/(4πε₀R). மின்தேக்குத்திறன் என்பது Q/V ஆகையால் C = 4πε₀R. 1/(4πε₀) என்பதன் மதிப்பு ஏறக்குறைய 9 × 10⁹ என்பதால், ஆரத்தை மீட்டரில் எழுதி 9 × 10⁹-ஆல் வகுத்தால் விடை ஃபாரட்டில் வந்துவிடும்.

```
குண்டு: C = 0.01 / (9 × 10⁹)      = 1.11 × 10⁻¹² F = 1.11 pF
பூமி:   C = 6.4 × 10⁶ / (9 × 10⁹) = 7.11 × 10⁻⁴ F  = 711 μF
```

குண்டு என்று நான் வகுப்பில் காட்டுவது, லாரிப் பட்டறையில் வாங்கிய பெரிய பால்ரஸ் குண்டு ஒன்றை. அதன் விட்டம் 2 செ.மீ. கேள்வியில் விட்டம் கொடுக்கப்பட்டிருக்கும்போது அதையே ஆரமாக வைத்துக்கொள்வதும், செ.மீட்டரை மீட்டராக மாற்றாமல் விடுவதும் அன்றாடப் பிழைகள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1 செ.மீ ஆரத்துக்கு 1.11 பைக்கோஃபாரட் என்ற ஒரே எண்ணை மனத்தில் வைத்திருந்தால், 111 பைக்கோஃபாரட் என்று விடை வந்தவுடனேயே அலகை மாற்ற மறந்துவிட்டோம் என்று தெரிந்துவிடும். மின்தேக்குத்திறனை நீளத்தின் அலகிலேயே சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. 1770-களில் ஹென்றி காவெண்டிஷ், 12.1 அங்குல விட்டமுள்ள கோளம் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றப் பொருள்களின் மின்தேக்குத்திறனை ‘இத்தனை அங்குலம்’ என்றே குறித்துவைத்தார். காற்றில் தனித்து நிற்கும் கோளத்தின் மின்தேக்குத்திறன் என்பது அதன் நீளஅளவைத் தவிர வேறொன்றையும் பொறுத்ததல்ல என்பது அவருடைய அந்த அலகிலேயே அடங்கியிருக்கிறது. குண்டு இரும்பா பித்தளையா, உள்ளே திண்மமா வெற்றிடமா, அதில் எவ்வளவு மின்னூட்டம் ஏற்றியிருக்கிறோம் என்பவற்றுக்கெல்லாம் இங்கு வேலையே இல்லை.

அடுத்த பிழை சற்று நுட்பமானது. மின்னூட்டம் கடத்தியின் மேற்பரப்பில்தான் தங்கும் என்று படித்த மாணவர், பூமியின் மேற்பரப்பை நினைத்துக்கொண்டு, ஆரங்களின் விகிதத்தை இருமடிக்கு உயர்த்திவிடுகிறார். ஆரங்களின் விகிதம் 6.4 × 10⁸. அதன் வர்க்கம் ஏறக்குறைய 4.1 × 10¹⁷. அதைக் குண்டின் 1.11 பைக்கோஃபாரட்டால் பெருக்கினால் பூமிக்கு நாலரை லட்சம் ஃபாரட் வருகிறது. இந்த எண் பார்ப்பதற்குப் பெரிதாக, ‘பூமிக்கு ஏற்றதாக’ இருப்பதால், தவறு என்ற சந்தேகமே எழுவதில்லை.

மேற்பரப்பைப் பற்றிய அந்த எண்ணம் பாதி வரை சரி. ஒரு சதுர செ.மீட்டருக்கு இவ்வளவு மின்னூட்டம் என்று இரண்டு கோளங்களிலும் ஒரே அடர்த்தியில் பரப்பினால், பத்து மடங்கு ஆரமுள்ள கோளம் நூறு மடங்கு மின்னூட்டத்தை ஏற்கும். ஆனால் அதன் மின்னழுத்தம் அதே நிலையில் நிற்காது. மின்னூட்டம் நூறு மடங்கு, மையத்திலிருந்து அதன் தொலைவு பத்து மடங்கு. ஆகவே மின்னழுத்தமும் பத்து மடங்கு ஏறிவிடுகிறது. நூறைப் பத்தால் வகுத்தால் மிஞ்சுவது பத்து. மின்தேக்குத்திறன் என்பது எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்பதன் அளவு அன்று. மின்னழுத்தம் ஒரு வோல்ட் ஏறுவதற்கு எவ்வளவு மின்னூட்டம் தேவை என்பதன் அளவு. இதைக் கவனித்தால், ஒரு ஃபாரட் கோளத்துக்கு 9 × 10⁹ மீட்டர், அதாவது 90 லட்சம் கி.மீ ஆரம் வேண்டியிருப்பதும் வியப்பாகத் தெரியாது. சூரியனின் ஆரத்தைப் போல அது ஏறக்குறைய 13 மடங்கு.

அப்படியானால், கைக்கடக்கமான ஃபேன் கன்டென்சருக்கு எப்படி 2.5 மைக்ரோஃபாரட் வந்தது? எங்கள் பக்கத்து விவசாயக் கிணறுகளில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், நூறு மைக்ரோஃபாரட்டுக்கு மேற்பட்ட ஸ்டார்ட்டிங் கன்டென்சர்களையே பார்க்கலாம். அவற்றில் ஐந்தாறைப் பக்க இணைப்பில் சேர்த்தால் பூமியை எட்டிவிடலாம். அவற்றில் மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும், முடியைவிட மெல்லிய இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அருகிலேயே எதிர்மின்னூட்டம் இருப்பதால் மின்னழுத்தம் ஏறுவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. தனித்த கோளத்துக்கு அத்தகைய துணை கிடையாது. அதன் எதிர்முனை முடிவிலியில் இருக்கிறது. ஆக, அந்த மாணவன் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளை. அந்த வேறுபாட்டைச் சொல்லித் தராதது என் குறைதான்.

இனி, நான் மிகவும் கண்டிப்பாகத் திருத்தும் பிழைக்கு வருகிறேன். “பூமியின் மின்தேக்குத்திறன் முடிவிலி, ஆகவேதான் அதன் மின்னழுத்தம் சுழி” என்று ஒரே தாளில், 711 மைக்ரோஃபாரட்டுக்கு நாலு வரி கீழேயே எழுதிவிடுகிறார்கள். காவேரிப்பாக்கம் ஏரியில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினால் ஏரியின் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஏரி எல்லையற்றது என்று யாரும் சொல்வதில்லை. டம்ளரையும் ஏரியையும் ஒரு குழாயால் இணைத்தால், இரண்டின் மட்டமும் ஒன்றாகும் வரைதான் தண்ணீர் ஓடும். மின்னூட்டமும் அப்படித்தான், மின்னழுத்தங்கள் சமமாகும் வரை ஓடுகிறது. (இந்த உவமை இவ்வளவுக்கு மட்டுமே. ஏரியின் பரப்பை நினைத்துக்கொண்டு மறுபடியும் ஆரத்தின் வர்க்கத்துக்குப் போய்விட வேண்டாம்.)

எண்களோடு பார்ப்போம். 1 செ.மீ குண்டை 9000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறோம் என்று கொள்வோம். காற்று தாங்கும் புலம் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட். இந்தக் குண்டின் மேற்பரப்பில் இருப்பது 9 லட்சம்தான் என்பதால் பொறி பறக்காது. அதிலுள்ள மின்னூட்டம் 1.11 × 10⁻¹² × 9000, அதாவது 10⁻⁸ கூலூம். எலக்ட்ரான் கணக்கில் ஏறக்குறைய 6,200 கோடி. பூமியிலிருந்து வெகு தொலைவில் குண்டு இருக்க, நீண்ட மெல்லிய கம்பியால் இரண்டையும் இணைக்கிறோம் என்று கற்பனை செய்துகொள்ளலாம். மின்னூட்டம் மின்தேக்குத்திறன்களின் விகிதத்தில், அதாவது ஆரங்களின் விகிதத்தில் பிரியும். பூமியின் மின்னழுத்தம் 10⁻⁸ ÷ (7.11 × 10⁻⁴), அதாவது ஏறக்குறைய 14 மைக்ரோவோல்ட் ஏறுகிறது. குண்டும் அதே அளவில் நிற்கிறது. அதில் மிஞ்சுவது 64 கோடியில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் நூறு எலக்ட்ரான்களுக்குச் சற்றுக் குறைவு. சுழி அன்று, நூறு! பூமியைச் சுழி மின்னழுத்தம் என்று நாம் கொள்வது, அந்த 14 மைக்ரோவோல்ட்டை ஒரு பொருட்டாக மதிக்க வேண்டியதில்லை என்பதால்தான். பூமிக்கு முடிவிலியான மின்தேக்குத்திறன் இருப்பதால் அன்று.

இதே இடத்தில் வீட்டு எர்த் குழியைக் கொண்டுவந்து குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. வேலூர்ப் பக்கம் நாலடி தோண்டினால் சில இடங்களில் பாறை தட்டும். கரியும் உப்பும் போட்டாலும் கோடையில் குழி வறண்டுவிடும். அப்போது ‘பூமி மின்னூட்டத்தை வாங்கும் திறன் குறைந்துவிட்டது’ என்கிறார்கள். குறைந்தது மின்தேக்குத்திறன் அன்று, அதிகமாகியிருப்பது மின்தடை. குழியின் மின்தடை பத்து லட்சம் ஓம் இருந்தாலும்கூட, 1.11 பைக்கோஃபாரட் குண்டின் மின்னூட்டம் சில மைக்ரோவினாடிகளில் இறங்கிவிடும். ஆனால் கிரைண்டரின் உடல்மேல் 230 வோல்ட் கசியும்போது 100 ஓம் மின்தடையே ஆபத்தானது: 2.3 ஆம்பியர்தான் ஓடும், ஃபியூஸ் போகாது, கிரைண்டரின் உடலில் மின்னழுத்தம் அப்படியே நிற்கும். முன்னது தேங்கிய மின்னூட்டம் ஒருமுறை இறங்குவது, பின்னது மின்வாரியக் கம்பியிலிருந்து தொடர்ந்து ஓடிவருவது.

கடைசியாக, ‘தனித்த’ என்ற சொல். சூத்திரத்தை எழுதும்போது இதை யாரும் படிப்பதில்லை. குண்டின் மையம் தரைக்கு மேல் 1 மீட்டரில் இருந்தால் அதன் மின்தேக்குத்திறன் சூத்திரம் சொல்வதைவிட அரை சதவீதம்தான் கூடும். 5 செ.மீட்டரில் இருந்தால் ஏறக்குறைய 11 சதவீதம் கூடும், ஏனெனில் தரையில் தூண்டப்படும் எதிர்மின்னூட்டம் குண்டின் மின்னழுத்தத்தை இறக்குகிறது. கையை அருகில் கொண்டுபோனாலும் இதே கதைதான். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைக் குண்டில் வைத்து 1.11 பைக்கோஃபாரட்டை அளக்க முயன்ற ஒரு மாணவிக்கு, ஒயர்களை அசைக்க அசைக்க வெவ்வேறு எண்கள் வந்தன. அந்த ஒயர்களுக்கு இடையிலுள்ள மின்தேக்குத்திறனே குண்டினுடையதைவிடப் பல மடங்கு அதிகம்.

பூமிக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். 711 மைக்ரோஃபாரட் என்பது, சுற்றிலும் ஒன்றுமேயில்லாத வெளியில் பூமி தனித்து நிற்பதாகக் கொண்ட கணக்கு. உண்மையில் பூமிக்கு மேலே, மின்கடத்தும் அயனி மண்டலம் இருக்கிறது. அதை 60 கி.மீ உயரத்தில் உள்ள வெளிக்கோளமாகக் கொண்டு, பூமியை உட்கோளமாக வைத்துக் கணக்கிட்டால், தனித்த பூமியின் மின்தேக்குத்திறனை வெளிக்கோளத்தின் ஆரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதத்தால், ஏறக்குறைய 108-ஆல், பெருக்க வேண்டும், விடை 0.077 ஃபாரட் வருகிறது. தேர்வில் எதை எழுதுவது என்று கேட்பவர்கள், வினாவில் ‘தனித்த’ என்ற சொல் இருக்கிறதா, வெளிக்கோளம் ஒன்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதட்டும்.