ஹோட்டல் பில்லைப் பங்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டுக்குச் சேர்ந்து சாப்பிடப் போகும் எங்கள் வட்டத்தில் இப்போது இளையவர்கள் சிலரும் வருகிறார்கள். பில் வந்ததும் அவர்கள் கைபேசியில் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது, பல ஆண்டுகள் நானே செய்துவந்த பிழை அப்படியே திரும்பி வருவதைக் காண்கிறேன். கூட்டல் பிழைகளைக் கைபேசியே பார்த்துக்கொள்ளும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மீதியைத் தலைக்குச் சமமாக வகுத்தல்

ஒவ்வொருவரும் தமக்கென்று வாங்கியதைச் சொல்வார்கள். அதை மொத்தத்தில் கழித்து, மீதி அனைத்தையும் பொதுச் செலவு என்று தலைக்கு வகுத்துவிடுவார்கள். அந்த மீதியில் பொது உணவு, வரி, அன்பளிப்பு மட்டுமல்ல, பில்லில் தவறாக ஏறியதும் ஒளிந்திருக்கும். எப்படி வகுத்தாலும் கூட்டுத்தொகை சரியாகவே வரும் என்பதால் பிழை யார் கண்ணிலும் படாது. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்த முறைதான்.

ஒருமுறை நான்கு பேர் சாப்பிட்டோம். நால்வருக்கும் பொதுவாகப் பரோட்டா 200 ரூபாய், காய்கறிக் குருமா 160 ரூபாய். மீனா அசைவம் சாப்பிடாதவர் என்பதால், 420 ரூபாய்க் கோழி வறுவல் மற்ற மூவருக்கு மட்டும் பொது. தனித்தனியே மீனாவுக்கு நெய் ரோஸ்ட் 110, ரஹீமுக்கு மட்டன் பிரியாணி 300, செல்வத்துக்கு எலுமிச்சைச் சாறு 60, எனக்குச் சுலைமானி 30. எல்லாம் சேர்த்து 1,280 ரூபாய். ஆனால் இரண்டாவதாகக் கேட்டு உடனே வேண்டாமென்று சொன்ன ஒரு வறுவலும் பில்லில் ஏறியிருந்தது. எனவே உணவுத்தொகை 1,700, வரி 85, நாங்கள் வைத்த அன்பளிப்பு 100, மொத்தம் 1,885 என்று ஆனது. நான் தனி உணவுகளின் 500 ரூபாயைக் கழித்து, மீதி 1,385 ரூபாயை நான்காக வகுத்தேன். ஆளுக்கு 346.25 வந்தது. ஒரு நெய் ரோஸ்ட்டும் சிறிது பரோட்டாவும் சாப்பிட்ட மீனா 456.25 ரூபாய் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சரியான வழி எதிர்த்திசையில் செல்வது. முதலில் பில்லில் உள்ள ஒவ்வொரு உணவுக்கும் எதிரே அதை உண்டவர்களின் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுத ஆளில்லாத உணவு ஒன்று நின்றால், அதைப் பணம் கட்டுமுன் பரிமாறியவரிடம் காட்ட வேண்டும். சமையலறைக்குப் போன ஆர்டர் சீட்டைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பிறகு ஒவ்வொருவரின் உணவுத்தொகையைக் கூட்டினால், பில்லில் வரிக்கு முன் உள்ள தொகை ஒரு ரூபாய் பிசகாமல் வர வேண்டும். மீனாவுக்குப் பொது உணவில் 90, தனியாக 110, ஆக 200. ரஹீமுக்கு 530, செல்வத்துக்கு 290, எனக்கு 260. கூட்டினால் 1,280, பில்லிலோ 1,700. இந்த ஒரு சோதனையே அன்று வறுவலைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

வரியைத் தலைக்கு வகுத்தல்

சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். பில்லில் மத்திய, மாநில வரிகளாக 2.5, 2.5 சதவீதம் என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும். அது உணவின் விலையைப் பின்தொடர்வது என்பதால், அவரவர் தொகையை 1.05 ஆல் பெருக்கினால் போதும். மீனாவுக்கு 210, ரஹீமுக்கு 556.50 என்று வரும்.

மதுவையும் அதே எண்ணால் பெருக்குதல்

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, தனியாகக் கணக்கிடுங்கள்.

சேவைக் கட்டணமும் அன்பளிப்பும்

சேவைக் கட்டணம் என்று பில்லில் ஏற்கெனவே ஒரு தொகை இருந்தால், அதற்கு மேல் அன்பளிப்பும் வைப்பது இரட்டைச் செலவு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகச் சேர்க்கக் கூடாது, நீக்கச் சொல்லலாம். அன்பளிப்பு உணவின் விலையைச் சார்ந்ததல்ல, பரிமாறியவருக்கு நாம் தருவது என்பதால், அதைத் தலைக்குச் சமமாகவே வைக்கிறோம்.

இடையிலேயே முழு ரூபாயாக்குதல்

கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

திரும்பி வந்த பணத்தைச் சமமாகப் பிரித்தல்

மறுநாள் பில்லைக் காட்டியதும் உணவகத்தார் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். வறுவலின் 420 ரூபாயோடு அதன் வரி 21 ரூபாயையும் கேட்க வேண்டும், ஆக 441. அதை நான்காக வகுத்தால் ஆளுக்கு 110.25 என்று மீண்டும் அதே தவறு நேரும். ஒவ்வொருவரும் கொடுத்ததிலிருந்து கொடுத்திருக்க வேண்டியதைக் கழித்தேன். அன்பளிப்போடு மீனாவின் சரியான பங்கு 235 ரூபாய்தான், எனவே 221.25 அவருக்கு, ரஹீமுக்கு 64.75, செல்வத்துக்கு 76.75, எனக்கு 78.25 என்று திருப்பிக் கொடுத்தேன்.