Ab-இலிருந்து C-க்குத் தாவினால் ஏன் பளிச்சென்று கேட்கிறது? கீபோர்டில் செய்து பார்க்கலாம்

ஒத்தக்கடைப் பக்கம் குறும்படம் எடுக்கும் நண்பர் ஒருவர், பையன் யானைமலை மேல் ஏறிக்கொண்டே இருந்து சட்டென்று கீழே வயல்வெளி முழுக்கத் தெரிகிற ஷாட்டுக்கு "பெரிய படத்துல வர்ற மாதிரி ஒரு திருப்பம் வேணும்ண்ணே" என்று கேட்டார். அதற்கு நான் வைத்தது இரண்டே மேஜர் கார்டு, Ab-யும் C-யும். இப்படி மூன்றாம் சுரத் தூரத்தில் இருக்கிற, ஒரே ஒரு சுரம் மட்டும் பொதுவாக உள்ள இரண்டு மேஜர் கார்டுகளைத்தான் குரோமாட்டிக் மீடியண்ட் உறவு என்கிறார்கள். மேஜர், மைனர் கார்டு பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் காதுக்கு ஒரு சோதனை. Ab மேஜரைப் பிடித்துவிட்டு C மைனருக்குப் போங்கள். கொஞ்சம் சோகம், ஆனால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் C, Eb இரண்டும் அப்படியே இருக்கின்றன, Ab மட்டும் G ஆகிறது. இப்போது மறுபடி Ab, அங்கிருந்து C மேஜர். இந்தத் தடவை Eb-யும் நகர்ந்து E ஆகிவிட்டது. பளிச்சென்று இருப்பதெல்லாம் அந்த அரைச்சுரம்தான். C-யை ஷட்ஜமமாக வைத்தால் Eb சாதாரண காந்தாரம், E அந்தர காந்தாரம். பெரும்பாலான ராகங்களில் இரண்டில் ஒன்றுதான் வரும், அதனால் அடுத்தடுத்து இரண்டும் கேட்டதும் நம் காது நிமிர்ந்துவிடுகிறது. அதே சமயம் C அசையாமல் நிற்பதால் பாட்டு எங்கோ விட்டுப்போன மாதிரியும் இல்லை.

அடுத்தது விரல். ரொம்பப் பேர் இடறுவது இங்கேதான், எனக்கும் இது பிடிபட நாளானது. Ab-C-Eb என்று பிடித்த கையை அப்படியே தூக்கி C-E-G-யில் வைத்தால் கார்டு சரிதான், ஆனால் நடுவில் இருந்த C அடிக்குப் போய்விடுகிறது, மூன்று குரலும் ஒரே பக்கம் குதிக்கின்றன, கேட்பவருக்கு 'கை மாறியது' என்பது மட்டும்தான் தெரியும். இப்படிப் பிடியுங்கள்:

```
         Ab  ->  C
மேல்      Ab      G
நடு       Eb      E
கீழ்      C       C
பேஸ்      Ab      C
```

கீழ் விரல் கட்டையை விட்டு எழவே கூடாது. நடு விரல் அரைச்சுரம் ஏறுகிறது, மேல் விரல் அரைச்சுரம் இறங்குகிறது, பேஸ் மட்டும் தாவுகிறது. இதைப் பியானோ சத்தத்தில் பழகுங்கள். ஸ்ட்ரிங்ஸ் சத்தம் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடும், தப்பாகப் பிடித்தாலும் அழகாகவே கேட்கும்.

இப்போது ஷாட். அது 12 விநாடி, ஆறாவது விநாடியில் வயல் தெரிகிறது. டெம்போ 80 வைத்தால் நாலு தட்டுள்ள ஒரு பார் சரியாக 3 விநாடி, ஆக ஏறும்போது இரண்டு பார் Ab, வயல் தெரிந்ததும் இரண்டு பார் C. மெலடியில் இரண்டாவது பாரின் பாதியிலேயே C-யைத் தொடங்கி, காட்சி மாறிய பிறகும் நீட்டிப் பிடியுங்கள். Ab-க்கு மூன்றாம் சுரமாக இருந்த C, கார்டு மாறியதும் தானே வேர்ச்சுரம் ஆகிவிடும். பாடுபவர் ஒன்றும் செய்யாமலே அந்தச் சுரத்தின் நிறம் மாறுகிறது.

சொதப்பினால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, C கார்டின் மேல் மெலடி Bb-யைத் தொட்டால் அது C7 ஆகிவிடும், உடனே காது 'அடுத்து F மைனர்' என்று காத்திருக்கும். வந்து சேர்ந்த நிறைவு போய்விடும். C-யில் நிறுத்தியதும் மனசு இன்னொரு கார்டைத் தேடினால் இதுதான் கோளாறு. Bb-யை எடுத்துவிட்டு E-யிலோ G-யிலோ நில்லுங்கள். இரண்டாவது, கிடார்காரர் பவர் கார்டு போடுவது. அதில் C-யும் G-யும் மட்டுமே இருக்கும், E கிடையாது, அப்புறம் மேஜரா மைனரா என்றே தெரியாது. E எங்காவது தெளிவாகக் கேட்கணும்.

C-யிலிருந்து இதே மாதிரி தாவ E, A, Eb, Ab என்று நாலு மேஜர் கார்டு உண்டு. E-க்கும் Ab-க்கும் போகும்போது இரண்டு குரலும் அரைச்சுரம்தான் நகரும், A-க்கும் Eb-க்கும் போகும்போது ஒன்று முழுச்சுரம் நகரும். ஷார்ப் பக்கமான E, A பளிச்சென்றும், பிளாட் பக்கமான Eb, Ab கொஞ்சம் கனமாகவும் கேட்கும். ஒரே பாட்டில் பாருக்குப் பார் தாவாதீர்கள், மூன்றாவது தாவலைக் காது முன்கூட்டியே சொல்லிவிடும்.

பிற்சேர்க்கை: திருமங்கலத்திலிருந்து ஒருவர், ஸ்ருதிப் பெட்டியோடு வாசித்தால் Ab வரும்போது நாராசமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பெட்டியில் ச-வோடு ப-வும் ஒலித்துக்கொண்டிருக்கும், C ஸ்ருதியில் அந்தப் பஞ்சமம் G, அது Ab-யோடு அரைச்சுரத்தில் உரசுகிறது. பஞ்சமத்தை நிறுத்திவிட்டு ஷட்ஜமத்தை மட்டும் விடுங்கள், C இரண்டு கார்டிலும் இருப்பதால் ஒத்துப்போகும். C-யிலிருந்து E மேஜருக்குத் தாவுவதானால் பெட்டியையே அணைத்துவிடுங்கள், அங்கே ச, ப இரண்டுமே இடிக்கும்.