பூச்சு போட்ட பிறகு பின் துளைக்குள் போகுமா?

ஸ்டீலுக்கு அனோடைசிங் கிடையாது. அதற்கு ஜிங்க், நிக்கல் போன்ற முலாம்தான். அலுமினியத்துக்கு அனோடைசிங் பொருத்தம். இரண்டும் அளவை மாற்றும், ஆனால் ஒரே மாதிரி அல்ல.

முலாம் முழுவதும் மேலே ஏறும். 10 மி.மீ. ஸ்டீல் பின்னுக்கு 8 மைக்ரான் ஜிங்க் போட்டால், இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 10.016 ஆகிவிடும். அனோடைசிங்கில் அலுமினியமே ஆக்சைடாக மாறுவதால், ஏறத்தாழ பாதி உள்ளே போகும், பாதிதான் வெளியே வளரும். 50 மைக்ரான் ஹார்டு அனோடைசிங் என்றால் பக்கத்துக்கு 25, 10 மி.மீ. துளை 9.95 ஆகச் சுருங்கும். அப்புறம் அந்தப் பின் எப்படி நுழையும்? அடித்து ஏற்றினால் ஆக்சைடு விளிம்பில் சில்லுச் சில்லாகப் பெயரும். துளையை முன்கூட்டியே பெரிதாக்குங்கள், அல்லது உள்ளே பூச்சு ஏறாதபடி சிலிக்கான் ரப்பர் அடைப்பால் மூடச் சொல்லுங்கள்.

மரையில் கவனம் இன்னும் தேவை: 60 டிகிரி மரையில் பிட்ச் விட்டம் பூச்சின் வளர்ச்சியைப்போல் நான்கு மடங்கு மாறும். 8 மைக்ரான் ஜிங்க், போல்ட்டில் 32 மைக்ரான்.

இன்னொன்று, அனோடைசிங் படலம் மின்சாரம் கடத்தாது. எர்த் கம்பி மாட்டும் இடத்தையும் மூடச் சொல்லிவிடுங்கள்; மல்டிமீட்டரை வைத்தால் உடனே தெரியும்.